விளிம்பின் நிழல்

2021ஆம் ஆண்டில் படுவான்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்கள் குழு என்னைத் தேடிக் கல்லடிக்கு வந்தது. வறுத்த மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், மல்லி, சீரகம், கறுவா என்று சிறிய பக்கற்றுகளில் அடைத்து விற்றுவந்தார்கள். மட்டக்களப்பு நகரத்துக் கடைகளிலும் வாழைச்சேனை வரைக்கும் அவர்களுடைய பக்கற்றுகள் தொங்கின. வந்தவர்களில் மூத்தவர் மில் வைத்திருந்த ஒரு பெரியம்மா. கையில் கடை திருப்பியனுப்பிய பக்கற்றுகள் நிறைந்த ஒரு பை.

பக்கற்றின் முன்பக்கத்தில் ஒரு படம். மேலிருந்து பார்த்தபடி, கறுப்புக் கல்லின் மேல் கோப்பை கோப்பையாகச் சரக்குகள். தூள் குங்குமம்போல் சிவந்து, விளிம்புக்கு மேலே மலையாகக் குவிந்திருந்தது. லேபல் அடித்துக் கொடுத்தவர் இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட படம் அது. பெரியம்மா பக்கற்றை வெட்டித் தூளை ஒரு வெள்ளைக் கோப்பையில் கொட்டினார். செங்கல்லை இடித்துக் கொஞ்சம் கோப்பித்தூள் கலந்தால் வருமே, அந்த நிறம். நம் பக்கத்து வறுத்த தூளின் உண்மையான நிறம் அதுதான். செத்தல் மிளகாயை வறுத்து, மல்லியையும் பெருஞ்சீரகத்தையும் நற்சீரகத்தையும் வெந்தயத்தையும் மிளகையும் கறிவேப்பிலையையும் தனித்தனியே வறுத்துச் சேர்த்து அரைத்தால் அது பச்சைச் சிவப்பாக வராது, வரவும் கூடாது.

"வாங்கினவங்க பழைய தூள் எண்டு சொல்லுறாங்க மனே. படத்துல சிவப்பு, உள்ளுக்குக் கறுப்பு எண்டு கடைக்காரன் திருப்பிவிட்டுட்டான். என்ட தூள்ல என்ன குறை?"

தூளில் குறை இல்லை. படம் வேறு ஒரு நாட்டின் வறுக்காத தூளுடையது. அதே படத்தில் ஓரமாகக் கிடந்த கறுவாவைக் காட்டினேன். தடித்த பட்டை, ஒரே சுருள். அது காசியா. எங்கள் கறுவாவின் உள்பட்டையை மெல்லியதாக உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குகள் வைத்துச் சுருட்டுவார்கள். கையில் அழுத்தினால் நொறுங்கும். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீடு கொடுத்துப் பாதுகாத்தது இந்தச் சிலோன் கறுவாவைத்தான். அதை அடைத்து விற்கிறவர்கள் பக்கற்றின் முகத்தில் காசியாவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், தங்களுக்கே தெரியாமல்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை என்பதை அந்தக் காலம் எங்களுக்கு நன்றாகச் சொல்லியிருந்தது. 2019 டிசம்பரில் அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, 2020இல் தடுத்தேவிட்டது. கிலோ சில நூறு ரூபாய்க்கு வாங்கிய மஞ்சள் சில ஆயிரங்களுக்குப் போனது. மன்னார், புத்தளம் கரைகளில் கடத்தல் மஞ்சள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வந்தது. மாவு கலந்த மஞ்சள்தூளும் சந்தைக்கு வந்தது. மாவு கலந்தால் மஞ்சள் வெளிறும், வெளிறியதை மறைக்கச் சாயம் வேண்டும். சனம் நிறத்தைப் பார்த்துத்தான் மஞ்சளைத் தெரிவுசெய்தது. பங்களாதேசத்தில் மஞ்சளைப் பளிச்சென்று காட்ட ஈயக் குரோமேற் என்ற நச்சு நிறப்பொருளைப் பூசினார்கள் என்று அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டிருந்தார்கள். 2005இல் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப்பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்ததும் மிளகாய்த்தூளில் கலந்த சூடான் சிவப்புச் சாயத்தால்தான். பக்கற்றின் படம் வீட்டுக்காரியின் கண்ணுக்கு ஓர் அளவுகோல். அளவுகோல் பொய்யானால், நல்ல தூள் கெட்டதாகவும் சாயத்தூள் நல்லதாகவும் தெரியும். பெரியம்மாவின் தூளுக்கு நடந்தது அதுதான்.

நான் அதுவரை கலியாணமும் பூப்புனிதநீராட்டும் பிடித்துக்கொண்டிருந்தவன். சாப்பாட்டுப் படங்களும் கொஞ்சம் செய்திருந்தேன். ஆனால் இப்படி ஒரு பொருளின் நிறத்தை உள்ளபடி கொண்டுவரும் வேலை எல்லாவற்றையும்விட மெதுவாக நடப்பது.

முதலில் இடம். என் வீடு கல்லடியில் வாவிக்கு அருகில். மேற்கு யன்னல் வாவியைப் பார்க்கும், கிழக்கு யன்னல் கடலைப் பார்க்கும். காலையில் கிழக்கு யன்னலால் வெயில் நேராக உள்ளே விழும். அந்த நேரடி வெயிலில் மஞ்சள்தூளை வைத்தால் ஒளிபட்ட பக்கம் வெளுத்துப்போய், நிழல்பக்கம் கறுத்துவிடும். மேற்கு யன்னலில் காலை முழுவதும் வானத்தின் சிதறிய வெளிச்சம் மட்டும் வரும். அதுதான் வேலைக்கு ஏற்றது. ஆனால் பின்னேரத்தில் அதே யன்னல் தொல்லை. சூரியன் வாவிக்கு மேலே சரியும்போது தண்ணீரில் பட்ட ஒளி திரும்பிக் கூரையில் ஆடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், கமராவுக்கு ஒவ்வொரு படத்துக்கும் ஒளி மாறிக்கொண்டேயிருக்கும். ஆகவே காலை எட்டரை தொடங்கிப் பகல் வரைக்கும்தான் படம். மாரியில் அதுவும் இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. மேகம் மூடினாலும் வெளிச்சம் நல்லதுதான், ஆனால் காற்றின் ஈரத்தில் தூள் கட்டிபடும், மிளகாய்த்தூள் ஈரத்தை இழுத்து இன்னும் கறுக்கும். மாசி மாதம் வரும்வரை காத்திருங்கள் என்றேன். பெரியம்மா ஒத்துக்கொண்டார்.

சுவரும் ஒரு வெளிச்சம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த அறையின் சுவருக்கு இளம்பச்சை பூசியிருந்தது. யன்னல் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது பச்சையைக் கூட்டிக்கொண்டு வரும். மஞ்சளின் நிழல்பக்கம் மாங்காய்த்தோல் மாதிரி ஆகிவிடும். மூன்று பக்கமும் வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டேன். யன்னலில் ஒரு மெல்லிய வெள்ளை வேட்டி. யன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ரெஜிபோம் பலகை, நிழலைக் கொஞ்சம் தூக்கிவிட. அறையின் எல்ஈடி விளக்குகளையெல்லாம் அணைத்தேன். மலிவான எல்ஈடியில் ஆழ்ந்த சிவப்பு நிறம் குறைவாக இருக்கும். யன்னல் வெளிச்சத்தோடு அது கலந்தால் தூளின் ஒரு பக்கம் செம்மண், மறுபக்கம் சேறு. மின்விசிறியும் நிறுத்தம். ஐந்து நிமிடம் சுழன்றால் போதும், நற்சீரகத்தின் மேல் மஞ்சள் படிந்துவிடும். மட்டக்களப்பு வெக்கையில் விசிறி இல்லாமல் நிற்பது லேசில்லை. பெரியம்மாவோடு வந்த தங்கச்சி சேலைத்தலைப்பால் எனக்கு விசிறப்போக, தூள் பறக்கும் என்று தடுக்கவேண்டியிருந்தது.

அடுத்தது கமராவை நேர் மேலே நிறுத்துவது. மேலிருந்து எடுக்கும் படத்தில் கோப்பைகள் எல்லாம் வட்டமாகத் தெரியவேண்டும். அகலக்கோண வில்லையை வைத்துக் கிட்ட நின்று எடுத்தால் நடுக்கோப்பை வட்டமாகவும் ஓரத்துக் கோப்பைகள் வெளிப்பக்கம் சாய்ந்தும் நிற்கும், அவற்றின் வெளிச்சுவர் தெரியும். 50 மி.மீ. வில்லையை மேசையிலிருந்து நாலு அடி உயரத்தில் வைத்தேன். முக்கால் மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலம் சட்டத்துக்குள் வரும், ஒன்பது சிறு கோப்பைக்குத் தாராளம். முக்காலியிலிருந்து ஒரு குறுக்குக் கம்பி நீட்டி அதில் கமராவைத் தொங்கவிட்டு, மறுமுனையில் ஒரு அரிசி மூட்டையைக் கட்டினேன். பாரம் சரியில்லை என்றால் கமரா சரக்கின் மேலே விழும்.

நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மேசையில் ஒரு தட்டையான முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்து, கமராத் திரையில் பாருங்கள். கண்ணாடியில் வில்லையின் பிம்பம் சட்டத்தின் சரி நடுவில் விழுந்தால் கமரா மேசைக்கு நேர்செங்குத்து. ஒரு பக்கம் ஒதுங்கினால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். நீர்மட்டம் வாங்கக் காசில்லாத காலத்தில் இதைப் பழகினேன், இப்போதும் இதைத்தான் நம்புகிறேன். துவாரம் எஃப் 8. அந்த உயரத்தில் மேசைத்துணி முதல் கறுவாச் சுருளின் முதுகு வரை எல்லாம் கூர்மையாக விழும். ஐஎஸ்ஓ 100, வேகம் குறைவு, ஆகவே கையால் அமுக்காமல் இரண்டு விநாடி தாமதத்தில் எடுக்கவேண்டும்.

மேசைக்கு என்ன விரிப்பது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு நீண்டது. தங்கச்சி வாழையிலை கொண்டுவந்திருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் சிவப்பு உள்ளதைவிடச் சிவப்பாகத் தெரியும். அது கண்ணின் இயல்பு, நிறத்தை ஒரு துளியும் மாற்றாமலே ஏமாற்றலாம். மண்சட்டியோ எதிர்மாறு. சட்டியின் செம்மண் நிறம் வறுத்த தூளின் சிவப்பைத் தின்றுவிடும், தூள் வெறும் தவிட்டுநிறமாகப் போகும். சிரட்டையில் வைத்தால் கறுப்புக்கு நடுவில் எல்லாத் தூளும் பளபளக்கும். கடைசியில் சாயம் போடாத பருத்தித்துணியும், மினுக்கம் இல்லாத சாம்பல்வெள்ளைச் சிறு கோப்பைகளும். பெரியம்மாவுக்கு அது செத்தவீட்டு விரிப்பு மாதிரித் தெரிந்தது. படத்தைத் திரையில் பார்த்த பிறகு சமாதானமானார்.

இனி நிறம். கமராவைத் தானியங்கி வெண்சமநிலையில் விட்டால், சட்டம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருப்பதைக் கண்டு வெளிச்சமே மஞ்சள் என்று நினைத்து அதை நீலப்பக்கம் தள்ளிவிடும். மஞ்சள்தூள் எலுமிச்சைப்பழம் ஆகும். ஆகவே கோப்பையின் உயரத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதைக்கொண்டு வெண்மையை நிலைநிறுத்தவேண்டும். மேகம் வந்து போனால் திரும்பவும் எடுக்கவேண்டும். இதைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டவர்கள்தான் பிறகு கணினியில் நிறத்தை ஊகித்துக்கொண்டிருப்பார்கள்.

அதைவிடப் பெரிய பொறி மஞ்சளும் மிளகாயும் கமராவின் அளவைத் தாண்டுவது. கமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்காகத்தான் நிறத்தை அளக்கிறது. மிளகாய்த்தூளில் சிவப்புப் பங்கு மற்ற இரண்டும் பாதிக்கு வருமுன்னமே நிரம்பி வழிந்துவிடும். மஞ்சளில் நீலப்பங்கு பூச்சியத்தில் போய்ப் படுத்துவிடும். மொத்த ஒளியைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி வரைபடத்தைத் திறந்தால்தான் தெரியும். வழிந்துவிட்டால் என்ன அடையாளம்? தூளின் மணி மணியான தன்மை போய், வண்ணத்தாள் வெட்டி ஒட்டினதுபோல ஒரே தட்டையாக நிற்கும். கடைகளில் தொங்கும் பக்கற்றுகளை எடுத்துப் பாருங்கள், பாதிப் படங்கள் அப்படித்தான். நான் ஒளியை மூன்றில் இரண்டு நிலை குறைத்து, கமராவின் மினுக்கும் நிறத்தெரிவுகளையெல்லாம் அணைத்து, ரோ கோப்பாக எடுத்தேன். கணினியில் நிறச்செறிவைக் கூட்டவே இல்லை, மஞ்சளுக்குச் சற்றுக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது. குறைத்தபிறகுதான் மஞ்சளுக்குள் ஒளிந்திருந்த செம்பழுப்பு மணிகள் வெளியே வந்தன.

ஒரு விதியை அந்தப் பெண்களோடு பேசி வைத்துக்கொண்டோம். படத்துக்கென்று விசேடமாக ஒன்றும் அரைக்கக்கூடாது. விற்பனைக்கு அடைத்த பக்கற்றுகளில் கண்ணைமூடிக்கொண்டு ஒன்றை எடுத்து வெட்டவேண்டும். மல்லியில் பிளந்த விதை இருந்தால் அது படத்திலும் இருக்கும். வறுத்த தூளில் மிளகாய்விதையின் வெளிர்த்துண்டுகள் இருந்தால் அவையும் இருக்கும். காம்பும் கல்லும் அடைக்கும்போதே சுளகில் போய்விடுவதால், படத்திலும் இல்லை. எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவது இல்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று, கோப்பை விளிம்பில் சிந்தியதைக் காய்ந்த தூரிகையால் துடைக்கலாம்.

அளவு பற்றிய கேள்விக்கு இப்போது வருகிறேன். இந்த வேலையில் நான் அதிகம் யோசித்த இடம் அது.

பழைய படத்தில் தூள் மலையாகக் குவிந்திருந்ததே, அப்படிக் குவிக்க அடியில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, அல்லது தாளைக் கசக்கி வைத்து, மேலே இரண்டு கரண்டி தூவுவார்கள். தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அமெரிக்காவில் காம்பெல் என்ற சூப் கொம்பனியின் விளம்பரத்தில் மரக்கறித்துண்டுகள் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டிருந்தார்கள். அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு அதைக் கையிலெடுத்து 1970இல் அப்படிச் செய்யக்கூடாதென்ற ஆணையில் முடித்தது. இலங்கையிலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகும் லேபலையும் விளம்பரத்தையும் தடுக்கிறது. ஆனால் மசாலாப் பக்கற்றின் படத்தைச் சட்டப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஒருவரை நான் கண்டதில்லை.

பெரியம்மாவின் பக்கற்று 50 கிராம். அவர் கொண்டுவந்த மின்தராசை மேசையில் வைத்து, ஒவ்வொரு பக்கற்றாக வெட்டி, 50 கிராம் வருகிறதா என்று பார்த்து அப்படியே கோப்பையில் கொட்டினோம். அரிதட்டால் சலித்துக் கொட்டினால் தூள் காற்றேறிப் பொங்கி நிறையத் தெரியும், அது வேண்டாம். பக்கற்றிலிருந்து ஊற்றி, கோப்பையை ஒரு தடவை மெல்ல அசைத்தால் போதும்.

ஒரே அளவுக் கோப்பைகள், ஒரே நிறை. ஆனால் என்ன வேறுபாடு! மல்லி விளிம்பைத் தொட்டது. நற்சீரகம் சற்றுக் கீழே. வறுத்த தூள் முக்காலுக்குக் கிட்ட. வெந்தயமும் கடுகும் பாதியைக்கூடத் தொடவில்லை. மல்லி உள்ளே பொள்ளலான விதை, கடுகு இறுகிய விதை, ஒரே நிறையுள்ள கடுகைவிட மல்லி இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். தங்கச்சி முகம் வாடிப்போனது. "கடுகு வாங்கிற ஆக்கள் இவ்வளவுதானா எண்டு கேப்பாங்களே அண்ணா, கொஞ்சம் கூடப் போடுவமா?" என்றாள். பெரியம்மா பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தார். நான் கூட்டவேண்டாம் என்றேன். கடுகு வாங்கும் ஆளுக்குக் கடுகு எவ்வளவு என்று தெரியும். மல்லிக்கும் கடுகுக்கும் ஒரே உயரம் காட்டினால், அறிந்தவள் கண்ணுக்கு அங்கேதான் முதல் சந்தேகம் வரும்.

ஆனால் நிறுத்துப் போட்டதாலே மட்டும் படம் நேர்மையாகிவிடாது. நேர் மேலிருந்து எடுக்கும் படத்துக்கு ஒரு பிறவிக்குறை உண்டு, அதற்கு ஆழம் தெரியாது. விளிம்புவரை நிரம்பிய கோப்பையும் பாதி நிரம்பிய கோப்பையும் மேலிருந்து பார்த்தால் இரண்டும் நிறம் நிரம்பிய வட்டம்தான். நான் முதலில் எடுத்த படத்தில் ரெஜிபோம் பலகையைக் கிட்ட வைத்து நிழலையெல்லாம் அழித்திருந்தேன், சாப்பாட்டுப் படங்களுக்கு வழக்கமாக அப்படித்தான் செய்வது. திரையில் பார்த்தால் எல்லாக் கோப்பையும் நிரம்பி வழிவதுபோல் நின்றன. 50 கிராம் என்று நிறுத்துப் போட்டும் படம் 100 கிராம் சொன்னது.

பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினேன். வேட்டியின் மேல்பாதியைக் கறுப்புத்துணியால் மறைத்து, வெளிச்சம் யன்னலின் கீழ்ப்பாதியால் மட்டும் தாழ்வாக வரும்படி செய்தேன். அப்போது யன்னல்பக்கத்து விளிம்பின் நிழல் ஒவ்வொரு கோப்பைக்குள்ளும் பிறையாக விழுந்தது. மல்லிக் கோப்பையில் நூல் போல ஒரு பிறை. வறுத்த தூளில் விரலளவு. கடுகில் கோப்பையின் மூன்றிலொரு பங்கை மூடும் தடித்த பிறை. ஆழம் இப்போது படத்திலேயே எழுதியிருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண் அதை வாசிக்கும். அதோடு வறுத்த தூளுக்குப் பக்கத்தில் வீட்டில் பாவிக்கும் ஒரு சாதாரணத் தேக்கரண்டியை வைத்தேன். கோப்பை சிறியதா பெரியதா என்று தெரியாமல் ஆழம் தெரிந்து பயனில்லை. தாழ்ந்த வெளிச்சம் இன்னொரு நன்மையும் செய்தது. தூளின் மேற்பரப்பில் கரண்டி விட்ட கோடுகளும், மில்லில் அரைபட்ட கொரகொரப்பும் எழுந்து நின்றன. பெரியம்மா திரையைத் தொட்டுப் பார்த்து, "இதுதான் என்ட தூள்" என்றார்.

கறுவாவும் ஏலமும் 50 கிராம் பக்கற்று இல்லை. ஏலம் 10 கிராம், ஏறத்தாழ நாற்பது ஐம்பது காய். அதை மற்றக் கோப்பைகளோடு ஒரே சட்டத்தில் வைத்தால் பாவமாகத் தெரியும், ஆகவே தனிப் படம், சிறிய கோப்பை, அதே தேக்கரண்டி. கறுவாவைக் கோப்பையில் போடவில்லை. இரண்டு சுருளின் வெட்டுமுகம் மேலே தெரியும்படி நிறுத்தி, அடுக்குகள் எண்ணத்தக்கதாக எடுத்தேன். பக்கத்தில் கறுவாத்தூள், இளந்தவிட்டு நிறம். காசியாத்தூள் இதைவிடச் சிவந்து கறுத்திருக்கும், அந்த வேறுபாடும் படத்திலிருந்தே பிடிபடும்.

இவ்வளவும் செய்து முடித்து, லேபல் அச்சுக்குப் போனபோதுதான் பாதி வேலை மிச்சமிருப்பது தெரிந்தது. திரை ஒளியால் நிறம் காட்டும், தாள் மையால் காட்டும். மஞ்சள் மையும் மஜெந்தா மையும் எந்த அளவில் சேர்கின்றன என்பதில் மஞ்சள்தூளின் வாழ்க்கையே தங்கியிருக்கிறது, மஜெந்தா கொஞ்சம் கூடினால் செம்மஞ்சள், சியான் ஒரு துளி கலந்தால் பாசி. அச்சகத்தில் வந்த முதல் மாதிரியில் யாரோ நல்ல மனத்தோடு மிளகாயைச் சிவப்பாக்கியிருந்தார்கள். "இப்பிடி இருந்தாத்தானே எடுப்பா இருக்கும்" என்பது அவர்களுடைய எண்ணம். மாதிரித்தாளை வெளியே மரநிழலுக்குக் கொண்டுபோய், அதன் மேலேயே படத்தின் பக்கத்தில் ஒரு தேக்கரண்டி தூளைக் கொட்டிக் காட்டினோம். வாதமே தேவைப்படவில்லை. இரண்டாவது மாதிரியில் நிறம் பொருந்தியது. மேலே பளபளப்புத்தாள் ஒட்டியதும் நிறம் மறுபடி ஒரு படி ஆழமாகத் தெரிந்ததால், பளபளப்பில்லாத தாளுக்கு மாறினோம். சிறிய அச்சகங்களோடு வேலை செய்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும்: ஒட்டுத்தாளோடு சேர்த்துத்தான் மாதிரியைப் பார்க்கவேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில்.

பக்கற்றின் பின்பக்கத்தில் ஒரு சிறிய கண்ணாடி யன்னல் விடலாமா என்று தங்கச்சி கேட்டாள், தூளே தன்னைக் காட்டட்டும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் மஞ்சளின் நிறத்தைத் தரும் குர்க்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும், மிளகாயின் சிவப்பும் மங்கும். கடை வாசலில் வெயில்படத் தொங்கும் பக்கற்றில் யன்னல்பக்கத்துத் தூள் சில கிழமைகளிலேயே வெளிறிவிடும். பிறகு படம்தான் சரி, தூள் பிழை என்று நிலைமை தலைகீழாகும். ஆகவே யன்னலைக் கீழ்மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் விட்டார்கள்.

புதிய லேபலில் படத்துக்குக் கீழே பெரியம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "படத்தில் உள்ளது இந்தப் பக்கற்றில் உள்ள 50 கிராம்." விற்பனை ஏறியதா என்று பலர் கேட்கிறார்கள். அதற்குள் 2022 வந்து, நாட்டில் எரிபொருளும் காசும் இல்லாமல் போய், எல்லாருடைய விற்பனையும் விழுந்தது. லேபலின் பலனை அதிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. படம் வேறு தூள் வேறு என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பது மட்டும் நின்றது. அதைப் பெரியம்மாவே சொன்னார்.

சிறிய அளவில் சரக்கு அடைத்து விற்கும் அக்காமார், தம்பிமாருக்கு என் வேண்டுகோள் இதுதான். படம் பிடிக்கக் கொடுக்கும்போது தூளோடு தராசையும் கொடுத்துவிடுங்கள். அச்சு மாதிரி வந்ததும் கையெழுத்துப் போடுமுன் அதைப் பகல் நிழலுக்குக் கொண்டுபோய், உங்கள் பக்கற்றிலிருந்து ஒரு கரண்டி தூளை அதன்மேல் கொட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் படத்தை மாற்றச் சொல்லுங்கள், தூளை மாற்றாதீர்கள்.